யூடியூப்ல கிவ்அவே: ரூல்ஸும் மீறாம, போலி ஆளுங்க கையிலயும் மாட்டாம நடத்துறது எப்படி

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, இந்தப்பக்கம் பொள்ளாச்சி வரைக்கும் நம்ம பார்டர்ல தமிழ்ல சேனல் நடத்துறவங்க கேட்ட கேள்விங்க இதெல்லாம். கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு அக்கா சமையல் சேனல் வச்சிருக்காங்க, அவங்க வீடியோக்கு கமென்ட் பாத்துக்கறது நான்தான். போன ஆடி மாசம் அந்த சேனல்ல ஒரு டேபிள்டாப் கிரைண்டர் பரிசா குடுத்தோம். அதையே உதாரணமா வச்சு சொல்றேன். போலி ஆளு யாரைத் தேடி வர்றான், எந்த நேரத்துல வர்றான்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி போட்டியையே அமைச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுதுங்க.

சப்ஸ்கிரைப் பண்ணி, லைக் போட்டு, கமென்ட் போட்டாத்தான் பரிசுன்னு சொல்லலாமா? எல்லா சேனலும் அப்படித்தானே பண்றாங்க?

பண்றாங்க, ஆனா கூடாதுங்க. போட்டி நடத்துறதுக்குன்னு யூடியூப் தனியா ஒரு பாலிசி வச்சிருக்கு. போட்டிய வச்சு வியூஸ், லைக், டிஸ்லைக், சப்ஸ்கிரைபர் எண்ணிக்கைய ஏத்தி விடக்கூடாதுன்னு அதுல நேராவே எழுதியிருக்கு. "சப்ஸ்கிரைப் பண்ணின ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க, கிரைண்டர் உங்களுக்கு"ன்னு சொன்னா பரிசக் காட்டி சப்ஸ்கிரைபர் வாங்கின மாதிரிதான் அது. எல்லாரும் பண்றாங்கங்கறது ஸ்ட்ரைக் வந்தப்புறம் அப்பீல்ல எழுதற காரணம் இல்லைங்க.

எங்க வீடியோல அக்கா சொன்னது இவ்வளவுதான்: "சேனல் பிடிச்சிருந்தா சப்ஸ்கிரைப் பண்ணுங்க, போட்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, பண்ணாதவங்களும் கலந்துக்கலாம்." கேக்கறவங்களுக்கு இது வித்தியாசமா இருக்கும், ஆனா இந்த ஒரு வரியை வாயால சொல்லி வீடியோலயே பதிவு பண்ணி வச்சிட்டா அப்புறம் யாரும் கேள்வி கேக்க முடியாது. சும்மா சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு கேக்கறது தப்பே இல்ல. அதைப் பரிசோட கோத்து விடறதுதான் தப்பு.

இன்னொன்னு, கலந்துக்கறதுக்குக் காசு வாங்கக்கூடாது. மெம்பர்ஷிப் எடுத்தாத்தான், சூப்பர் சாட் போட்டாத்தான்னு சொன்னாலும் அது காசுதான்.

கமென்ட் போட்டவங்க பேரை எல்லாம் எழுதிப் போட்டு குலுக்கல் எடுத்துட்டா போதுமா?

நம்ம ஊர்ல கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் இது. வாளையார் தாண்டினதும், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினதும் லாட்டரிக் கடை வரிசையா இருக்கறதைப் பாத்துப் பாத்து, குலுக்கல்னா சாதாரணம்னு நமக்குப் பழகிப்போச்சு. ஆனா கேரளாவுல நடக்கறது 1967ல இருந்து அரசாங்கமே நடத்துற லாட்டரி. தமிழ்நாட்டுல 2003ல இருந்து லாட்டரியே தடை. அரசாங்க அனுமதி இல்லாம ஒரு தனி ஆளு லாட்டரி நடத்துனா குற்றம்னு பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் இருக்கு, அதுக்கு முன்னாடி இருந்த இந்தியன் பீனல் கோடுலயும் இருந்துச்சு, அப்படி நடத்தப்போறோம்னு விளம்பரம் பண்றதும் அதுல சேந்ததுதான். காசே வாங்காம நடத்துற குலுக்கலை லாட்டரியோட சேக்க முடியாதுன்னு பொதுவா சொல்வாங்க, இருந்தாலும் பாக்கறவங்க பார்டர்ல ரெண்டு பக்கமும் இருக்கறப்ப வெறும் அதிர்ஷ்டத்தை நம்பி பரிசு குடுக்கறதை நான் தவிர்த்துருவேன். அதனாலதான் "லக்கி டிரா", "பம்பர்" மாதிரி வார்த்தை எதையும் தம்ப்நெயில்ல போட நான் விடல.

அதுக்குப் பதிலா திறமைய வச்சுத் தேர்ந்தெடுக்கற மாதிரி கேள்வி கேட்டோம். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்தும் மழையும் சேந்துச்சுன்னா மாவு பொங்கவே பொங்காது, ராத்திரி ஆட்டி வச்சது காலையில அப்படியே உக்காந்திருக்கும். "உங்க வீட்டுல இதுக்கு என்ன பண்றீங்க, ஏன் அப்படிப் பண்றீங்க"ன்னு அஞ்சு வரிக்குள்ள எழுதணும், கேள்வி அவ்வளவுதான். எப்படி மார்க் போடுவோம்னும் அதே வீடியோல சொல்லிட்டோம்: செஞ்சு பாக்கற மாதிரி இருக்கணும், காரணம் சொல்லியிருக்கணும், வேற எங்கயும் இருந்து அப்படியே எடுத்ததா இருக்கக்கூடாது. அக்காவும் அவங்க மாமியாரும் நானும் தனித்தனியா மார்க் போட்டுக் கூட்டினோம்.

இப்படிக் கேள்வி கேக்கறதுல இன்னொரு லாபமும் இருக்கு. "சூப்பர் அக்கா"ன்னு நூறு கணக்குல இருந்து கமென்ட் போடற பாட் எல்லாம் தானா கழிஞ்சு போயிடும்.

டிஸ்கிரிப்ஷன்ல ரூல்ஸ்னு என்னதான் எழுதணும்? நமக்கு வக்கீல் பாஷை எல்லாம் வராதே

வக்கீல் பாஷையே வேண்டாம், ஆனா சில விஷயம் கட்டாயம் இருக்கணும்னு யூடியூப் கேக்குது. போட்டிய நடத்துறது நீங்க, யூடியூப் இதுக்கு ஸ்பான்சர் இல்ல. கலந்துக்கறவங்க இந்தப் போட்டி சம்பந்தமா யூடியூபைப் பொறுப்பாக்க மாட்டேன்னு ஒத்துக்கறாங்க. கம்யூனிட்டி கைட்லைன்ஸ மீறின கமென்ட் தகுதி இழக்கும், அந்த கைட்லைன்ஸ் பக்கத்தோட லிங்க்கும் கூடவே இருக்கணும். வாங்கற அட்ரஸ், போன் நம்பரை என்ன செய்யப்போறீங்கன்னும் சொல்லணும். கலந்துக்கறவங்க எழுதினது மொத்தமும் உங்க சொத்துன்னு எழுதி வாங்கக் கூடாது.

நாங்க போட்டது கிட்டத்தட்ட இப்படி:

"இந்தப் போட்டியை நடத்துவது எங்கள் சேனல் மட்டுமே. யூடியூப் இதன் ஸ்பான்சர் அல்ல, இதற்குப் பொறுப்பும் அல்ல. கலந்துகொள்பவர்கள் யூடியூபை எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவிக்கிறார்கள். கட்டணம் இல்லை. தமிழ்நாடு, கேரளாவில் இருக்கும் 18 வயது முடிந்தவர்கள் கலந்துகொள்ளலாம். ஒருவருக்கு ஒரு கமென்ட். ஞாயிறு இரவு 9 மணிக்கு முடியும். யூடியூப் கம்யூனிட்டி கைட்லைன்ஸை மீறும் கமென்ட் சேர்த்துக்கொள்ளப்படாது. வெற்றி பெற்றவரின் முகவரி பார்சல் அனுப்ப மட்டும் பயன்படும், டெலிவரி முடிந்ததும் அழிக்கப்படும். பார்சல் செலவு எங்களுடையது. நாங்கள் யாருக்கும் முதலில் மெசேஜ் அனுப்ப மாட்டோம்."

முடியற நேரத்தை மணியோட எழுதுங்க. "விரைவில் அறிவிக்கப்படும்"னு விட்டீங்கன்னா, அந்த இழுபறி நாளெல்லாம் போலி ஆளுக்கு நீங்களே குடுக்கற லீவு.

18 வயசுன்னு வச்சதுக்குக் காரணம், சின்னப் பசங்களோட அட்ரஸ், போன் நம்பர் வாங்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும். நம்மால அதையெல்லாம் சரிபாத்துட்டு இருக்க முடியாது.

கிவ்அவே வீடியோ போட்டு அரை மணி நேரம்கூட ஆகல, எங்க போட்டோவையே வச்சுக்கிட்டு எவனோ எல்லாருக்கும் "நீங்க ஜெயிச்சுட்டீங்க"ன்னு ரிப்ளை பண்றான். இது எப்படிங்க நடக்குது?

அவன் உங்க சேனலை ஹேக் எல்லாம் பண்ணல. உங்க லோகோவை டவுன்லோட் பண்ணி, உங்க பேரையே வச்சு ஒரு புது சேனல் திறந்திருப்பான், அவ்வளவுதான். யூடியூப்ல ஒரே பேரை எத்தனை பேர் வேணாலும் வச்சுக்கலாம், @ போட்டு வர்ற ஹேண்டில் மட்டும்தான் ஆளுக்கு ஒண்ணு. அதனால அவன் ஹேண்டில்ல ஒரு எழுத்து கூட இருக்கும், இல்லாட்டி நடுவுல ஒரு அடிக்கோடு இருக்கும். ஆனா போன்ல கமென்ட் படிக்கறவங்க அதையா உத்துப் பாக்கறாங்க, வட்டத்துக்குள்ள அக்கா முகம் தெரியுது, நம்பிடறாங்க.

சில பேர் சேனல் பேர்லயே "டெலிகிராம்ல வாங்க"ன்னு ஐடி எழுதிட்டு வருவாங்க. அவங்க போடற கமென்ட்ல வெறும் வாழ்த்தும் ஒரு கிஃப்ட் பொம்மையும்தான் இருக்கும், தூண்டில் இருக்கறது பேர்ல.

அங்கிருந்து டெலிகிராமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ இழுத்துட்டுப் போயிட்டா மீதிக் கதை எல்லா எடத்துலயும் ஒண்ணுதான். "வாழ்த்துக்கள், உங்க அட்ரஸ் அனுப்புங்க." அனுப்பினதும் "கொரியர் சார்ஜ் 350 ரூபா மட்டும்." அதக் கட்டினா "ஜிஎஸ்டி பாக்கி இருக்கு, பொருள் செக்போஸ்ட்ல நிக்குது." நம்ம பார்டர் ஆளுங்களுக்கு செக்போஸ்ட்ல நிக்குதுன்னா உடனே நம்பத் தோணும். இல்லாட்டி ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் போட்டா பணம் வரும்பான். யூபிஐல பணம் வாங்கறதுக்குப் பின் போடவே தேவையில்ல, பின் கேட்டாலே காசு நம்ம கைய விட்டுப் போகப்போகுதுன்னு அர்த்தம். இதை வீடியோலயே சொல்லுங்க.

நாம கவனிக்க வேண்டியது, இவன் குறி வைக்கறது உங்களை இல்ல, கமென்ட் போட்டவங்களை. அவங்க பேரு எல்லாம் வரிசையா தெரியுது, ஒவ்வொண்ணுக்கும் கீழ ரிப்ளை பட்டன் இருக்கு, எல்லாரும் பரிசுக்காகக் காத்துட்டு இருக்காங்க. நீங்க ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்த ரிப்ளைய அழிச்சாலும், நோட்டிபிகேஷன் அப்பவே அவங்க போனுக்குப் போயிருக்கும், அதைப் பாத்து டெலிகிராம் திறந்தவங்களை நீங்க எப்படித் தடுப்பீங்க? அதனால அழிக்கறதுல ஸ்பீடா இருந்தா பத்தாது. கமென்ட் வெளிய தெரியாத மாதிரியே போட்டிய வைக்கணும்.

வெளிய தெரியாத மாதிரின்னா எப்படி? கமென்ட்டையே மூடச் சொல்றீங்களா?

மூட வேண்டாம். அந்த ஒரு வீடியோக்கு மட்டும் எல்லா கமென்ட்டையும் ஹோல்ட் பண்ணி வைங்க. ஸ்டூடியோல அந்த வீடியோவோட டீட்டெய்ல்ஸ் பக்கம் போய், கீழ கமென்ட் செட்டிங்ஸ்ல மாடரேஷன்னு இருக்கற எடத்துல எல்லாத்தையும் ஹோல்ட் பண்ற ஆப்ஷன் இருக்கும். அப்ப யார் கமென்ட் போட்டாலும் உங்க ரிவ்யூ லிஸ்டுக்கு வந்து நிக்கும், மத்தவங்களுக்குத் தெரியாது. போலி ஆளு வந்து பாத்தா ரிப்ளை பண்றதுக்கு ஒரு கமென்ட்கூட இருக்காது. அவனே தனியா ஒண்ணு போட்டாலும் அதுவும் உங்க லிஸ்ட்லதான் வந்து உக்காரும்.

எங்க போட்டிக்கு இது இன்னொரு விதத்துலயும் நல்லதாப் போச்சு. ஒருத்தர் எழுதின ஐடியாவப் பாத்து அடுத்தவர் காப்பி அடிக்க வழியே இல்லாமப் போச்சு. அப்பவும் ஒரே வரி ரெண்டு எடத்துல வந்துச்சுன்னா, யாரு முதல்ல போட்டதுன்னு பாத்து அவங்களை எடுத்துக்கிட்டோம்.

ஹோல்ட் ஆன கமென்ட் 60 நாள்தான் அந்த லிஸ்ட்ல இருக்கும், அதனால மாசக்கணக்குல இழுக்காதீங்க. எங்களுது ஒரே வாரம், வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும்தான் கமென்ட், அடுத்த புதன் ரிசல்ட்.

கமென்ட் ஒண்ணுமே தெரியலன்னா ஜனங்க போட்டது போகலன்னு நினைப்பாங்களே, வீடியோ ரீச்சும் விழுந்துடாதா?

நினைப்பாங்கதான், நாலஞ்சு பேர் திரும்பத் திரும்பப் போட்டாங்க. அதனால அக்கா வீடியோல முதல்லயே சொன்னாங்க, அதையே பின் பண்ணின கமென்ட்லயும் எழுதினோம்: "உங்க கமென்ட் எங்களுக்கு வந்துரும், ரிசல்ட் அன்னைக்குத்தான் எல்லாருக்கும் தெரியும்." உங்க சேனலோட சொந்த கமென்ட் ஹோல்ட் ஆகாது, அதனால இந்த ஒரு கமென்ட் மட்டும் மேல நிக்கும்.

அந்த வீடியோல கமென்ட் அடியில நடக்கற அரட்டை குறையும், அதை மறைக்கல. ஆனா நம்ம கமென்ட்ல இருந்து நம்ம ஆளு ஒருத்தர் காசு இழந்தாங்கன்னா அந்த சேனல் மேல இருக்கற நம்பிக்கை எங்க திரும்பி வரப்போகுது? ஒரு வீடியோவோட ரீச்சையும் அதையும் ஒரே தராசுல வைக்க என் மனசு ஒத்துக்கல.

ரிசல்ட் அன்னைக்கு, ரிசல்ட் வீடியோ வெளியாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எல்லா கமென்ட்டையும் மொத்தமா அப்ரூவ் பண்ணிட்டோம். யாரு என்ன எழுதினாங்க, ஏன் இவங்க ஜெயிச்சாங்கன்னு எல்லாரும் பாக்கணுமில்ல. அந்த நேரம்தான் கதவு திறக்கற நேரம், அதனால அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து மறுநாள் ராத்திரி வரைக்கும் ரெண்டு பேர் மாத்தி மாத்தி ரிப்ளைங்களைப் பாத்துட்டே இருந்தோம். போலி ரிப்ளைங்க அப்பவும் வந்துச்சு, ஆனா ஜெயிச்சது யாருன்னு ஏற்கனவே வீடியோல சொல்லியாச்சு, "நீங்களும் ஜெயிச்சீங்க"ன்னு சொன்னா நம்ப ஆள் இல்ல.

பிளாக் பண்ற வார்த்தைன்னு ஒரு லிஸ்ட் இருக்காமே, அதுல என்ன போடறது?

ஸ்டூடியோ செட்டிங்ஸ்ல கம்யூனிட்டி பகுதிக்குள்ள `Blocked words`னு ஒரு பெட்டி இருக்கும். அதுல போடற வார்த்தை வர்ற கமென்ட் எல்லாம் ஹோல்டுக்குப் போயிடும், இது உங்க எல்லா வீடியோவுக்கும் வேலை செய்யும். கிவ்அவே வீடியோவ மட்டும் ஹோல்ட் பண்ணினா போலி ஆளு பழைய வீடியோ கமென்ட்டுக்குப் போவான், அங்க காவல் இந்த லிஸ்ட்தான். கமா போட்டுப் பிரிச்சு எழுதணும்:

```
telegram, tele gram, t.me, whatsapp, whats app, wa.me, டெலிகிராம், வாட்ஸ்அப், வாட்சப், வாட்ஸப், courier charge, கொரியர் சார்ஜ், you won, winner, claim
```

அதுக்குப் பக்கத்துலயே லிங்க் இருக்கற கமென்ட்ட பிளாக் பண்ற டிக்கும் இருக்கு, அதையும் போட்டுடுங்க. நம்ம பக்கத்துல மலையாளத்துல கமென்ட் போடறவங்களும் நிறைய, அதனால இதே வார்த்தைங்கள மலையாள எழுத்துலயும் சேத்துக்கங்க.

போட்டிக்கேள்விக்குப் பதில்ல வரக்கூடிய வார்த்தை எதையும் இதுல போட்டுடாதீங்க. "பரிசு"ன்னு பிளாக் பண்ணினா நல்ல கமென்ட் பாதி உள்ள மாட்டிக்கும். அப்புறம் இந்த லிஸ்ட்ட மட்டும் நம்பிட்டு இருக்காதீங்க, எழுத்துக்கு நடுவுல புள்ளி வைப்பான், அதே மாதிரி தெரியற வேற எழுத்த வைப்பான், கண்ணுக்கு டெலிகிராம்னே தெரியும், லிஸ்டுக்குத் தெரியாது. பேர்ல ஐடி எழுதிட்டு வர்றவனையும் இது பிடிக்கும்னு எதிர்பாக்காதீங்க. அந்த மாதிரி ஆளு கண்ணுல பட்டா கமென்ட்ட அழிக்கறதோட விடாம `Hide user from channel` குடுத்துடுங்க, அப்புறம் அந்தக் கணக்கு உங்க எந்த வீடியோல எழுதினாலும் யாருக்கும் தெரியாது.

ஜெயிச்சவங்களை எப்படிக் கூப்பிடறது? போன் நம்பரைக் கமென்ட்ல போடச் சொல்லலாமா?

நம்பரைக் கமென்ட்ல போடச் சொல்லவே சொல்லாதீங்க. அதைப் போட்ட உடனே உங்களுக்கு முன்னாடி அவன் கூப்பிட்டுருவான்.

நாங்க வச்சது தலைகீழ் முறை. நாங்க யாரையும் கூப்பிட மாட்டோம், ஜெயிச்சவங்கதான் எங்களைக் கூப்பிடணும். போட்டி ஆரம்பிக்கற வீடியோலயே சொல்லியாச்சு: ரிசல்ட் எங்க சேனல்ல வர்ற வீடியோல மட்டும்தான் சொல்வோம், ஜெயிச்சவங்க டிஸ்கிரிப்ஷன்ல இருக்கற ஈமெயிலுக்கு அவங்களா எழுதணும், கமென்ட்லயோ வாட்ஸ்அப்லயோ டெலிகிராம்லயோ நாங்க யாருக்கும் முதல்ல எழுத மாட்டோம். இப்படிச் சொல்லிட்டா பாக்கறவங்களுக்கு எது போலின்னு கண்டுபிடிக்கற வேலையே இல்ல. ஹேண்டிலைப் பாக்க வேண்டாம், டிக் இருக்கான்னு தேட வேண்டாம். யாராவது மெசேஜ் அனுப்பினாலே அது நாங்க இல்ல, முடிஞ்சுது.

நீல டிக்கா சாம்பல் டிக்கான்னு பாத்துக்கங்கன்னு சொல்றது சின்ன சேனலுக்கு உதவாதுங்க, யூடியூப்ல அந்த டிக் கேக்கறதுக்கே ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர் வேணும். கமென்ட்ல சேனல் ஓனர் பேருக்குப் பின்னாடி மட்டும் ஒரு கலர் பட்டை தெரியும், போலி ஆளால அதைக் கொண்டுவர முடியாது. அதை ஒரு தடவை ஸ்கிரீன்ல பெரிசாக்கிக் காட்டுங்க, ஆனா முக்கியமா "நாங்க முதல்ல எழுத மாட்டோம்"ங்கறதைத்தான் மனசுல பதிய வைக்கணும்.

சரி, வீடியோல பேர் சொன்னதும் "நான்தான் அந்த ஆளு"ன்னு நாலு பேர் மெயில் போட்டா?

போடுவாங்க. எங்களுக்கே ரெண்டு மெயில் வந்துச்சு. ஒண்ணு, ஜெயிச்ச அம்மாவோட பேர்லயே வேற யாரோ புதுசா ஒரு ஜிமெயில் ஆரம்பிச்சு அனுப்பினது.

அதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. மெயில் அனுப்பின ஒவ்வொருத்தருக்கும் வேற வேற வார்த்தை ஒண்ணு பதிலா அனுப்பினோம், ஒருத்தருக்கு "கொத்தவரங்கா 47", இன்னொருத்தருக்கு "பனங்கிழங்கு 12" மாதிரி. அதை அவங்க போட்ட போட்டிக் கமென்ட்டுக்குக் கீழ, அதே கணக்குல இருந்து ரிப்ளையா போடச் சொன்னோம். உண்மையான ஆளாலதான் அந்த ஹேண்டில்ல இருந்து எழுத முடியும். போடறப்ப பேரைப் பாக்காதீங்க, ஹேண்டிலைப் பாருங்க, ஏன்னா அதே பேர்ல இன்னொருத்தன் வந்தும் ரிப்ளை போடலாம். கொத்தவரங்கா சரியான ஹேண்டில்ல இருந்து பத்து நிமிஷத்துல வந்துச்சு, இன்னொரு மெயில்ல இருந்து அப்புறம் சத்தமே இல்ல.

அதுக்கப்புறம்தான் அட்ரஸ் கேட்டோம், அதுவும் அதே மெயில்ல. ஆதார் காப்பி, பேங்க் விவரம் எதுவும் வாங்கல, ஒரு கிரைண்டர் அனுப்ப அதெல்லாம் எதுக்கு.

அஞ்சு நாளைக்குள்ள மெயில் வரலன்னா ரெண்டாவது மார்க் எடுத்தவங்களுக்குப் போகும்னு முதல்லயே ரூல்ஸ்ல எழுதிக்கங்க. இல்லாட்டி ஜெயிச்சவங்க யூடியூப் பக்கமே வராம இருந்தா நீங்க மாட்டிக்குவீங்க.

கிரைண்டரை ஒரு பாத்திரக்கடைதான் குடுக்குது. அவங்க "எங்க கடை பில் வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்"னு சொல்லச் சொல்றாங்க

வேண்டாம்னு சொல்லிடுங்க. பில்லு வேணும்னு சொன்னா காசு குடுத்துக் கலந்துக்கற போட்டி ஆயிடுது, யூடியூப் ரூல்ஸ்படி அது முடியாது. நம்ம நாட்டுல 2019ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயும், வியாபாரத்தை வளக்கறதுக்காகப் போட்டி, லாட்டரி, அதிர்ஷ்ட விளையாட்டு நடத்துறத நியாயமில்லாத வியாபார முறைன்னு சேத்திருக்காங்க. பரிசுத் திட்டம் முடிஞ்சப்புறம் முடிவ கலந்துக்கிட்டவங்ககிட்ட இருந்து மறைக்கறதும் அதே பட்டியல்ல இருக்கு. கடை பேரைச் சொல்லி விற்பனைக்காகவே நடத்துற போட்டின்னா ஒரு வக்கீலைப் பாத்துட்டு ஆரம்பிங்க.

கடை பொருள் குடுத்தா அதை ஒளிக்காம சொல்லணும். வீடியோ ஏத்தறப்ப `Paid promotion` டிக் போடுங்க, வாயாலயும் "இது இந்தக் கடை குடுத்தது"ன்னு சொல்லுங்க. எங்க அக்கா அந்தத் தொல்லையே வேண்டாம்னு சொந்தக்காசுல கோயமுத்தூர்ல போய் வாங்கினாங்க.

பரிசுக்கு டாக்ஸ் உண்டா?

பரிசோட மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேல போனா 30 சதவீதம் வரி பிடிச்சுக் கட்டற வேலை குடுக்கறவங்களோடது. பொருளாக் குடுத்தாலும் அந்த வரி கட்டினத உறுதி பண்ணிட்டுத்தான் பொருளைக் கையில குடுக்கணும். சின்ன சேனல் அந்த 10,000க்குக் கீழயே நின்னுக்கறது நல்லது. இன்னொரு காரணமும் இருக்கு, போலி ஆளுங்க "டாக்ஸ் கட்டினாத்தான் பரிசு"ன்னுதான் கேப்பாங்க, உங்க பரிசுல டாக்ஸ்ங்கற பேச்சே இல்லன்னா அந்தப் பொய்யும் எடுபடாது.

இதையே இன்ஸ்டாகிராம், பேஸ்புக்லயும் சேத்து நடத்தலாமா?

ஒரே எடத்துல நடத்துங்க. பேஸ்புக்ல "உங்க டைம்லைன்ல ஷேர் பண்ணுங்க, பிரெண்ட்ஸ டேக் பண்ணுங்க"ன்னு போட்டிக்கு நிபந்தனை வைக்கக் கூடாது. இன்ஸ்டால போட்டோல இல்லாத ஆள டேக் பண்ணச் சொல்லக் கூடாது. ரூல்ஸ் மூணு எடத்துல மூணு மாதிரி. அதைவிட, நீங்க மூணு எடத்துல நடத்துனா போலிக் கணக்கும் மூணு எடத்துல முளைக்கும், காவல் காக்கறது நீங்க ரெண்டே பேர். மத்த எடத்துல "யூடியூப்ல போட்டி நடக்குது, அங்க மட்டும்தான்"னு ஒரு போஸ்ட் போட்டா போதும்.

போலி சேனலை ரிப்போர்ட் பண்ணினா நிஜமாவே தூக்குவாங்களா? ரிப்போர்ட் பண்ணி அலுத்துப்போச்சு

தூக்குவாங்க, ஆனா எப்படி ரிப்போர்ட் பண்றீங்கங்கறதப் பொறுத்து இருக்கு. கமென்ட்டை ஸ்பேம்னு ரிப்போர்ட் பண்ணினா அந்தக் கமென்ட்டோட நின்னுடும். அந்த சேனல் பக்கத்துக்கே போய், `Report user` திறந்து, ஆள்மாறாட்டம்ங்கற காரணத்தை எடுத்து, யாரு மாதிரி நடிக்கறான்னு உங்க சேனலைக் காட்டணும். இது அந்த சேனலோட சொந்தக்காரரே பண்றது நல்லது, உங்க கணக்குல இருந்தே பண்ணுங்க.

அழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் எடுத்து வைங்க. ஒண்ணு, போலி ரிப்ளையோட ஸ்கிரீன்ஷாட், தேதி தெரியற மாதிரி. இன்னொண்ணு, அவன் சேனலோட ஐடி, அது UCன்னு ஆரம்பிக்கற நீளமான எழுத்து. பேரையும் ஹேண்டிலையும் அவன் நாளைக்கே மாத்திடுவான், இந்த ஐடி மாறாது. போலீஸ்ல புகார் குடுக்கறப்பவும் இதுதான் கேப்பாங்க.

உங்க வீடியோவையே எடுத்து அவன் சேனல்ல போட்டிருந்தான்னா ஆள்மாறாட்டத்தோட காப்பிரைட்டும் சேத்துக் குடுங்க, அது தனி வழி.

எங்க சேனல் பேரைச் சொல்லி ஒருத்தர்கிட்ட காசு வாங்கிட்டானுங்க. அவங்க இப்ப எங்களைத் திட்டறாங்க. என்ன பண்றது?

முதல்ல சண்டையை விட்டுட்டு அவங்களை 1930க்கு கூப்பிடச் சொல்லுங்க, அது சைபர் மோசடிக்குன்னே இருக்கற நம்பர், தமிழ்நாடு, கேரளா ரெண்டுலயும் வேலை செய்யும். பணம் போய் எவ்வளவு சீக்கிரம் சொல்றாங்களோ அவ்வளவு தூரம் அது அடுத்த கணக்குக்குப் போறதுக்கு முன்னாடி நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. கூப்பிடறப்ப பணம் அனுப்பின நேரம், தொகை, யூபிஐ ஆப்ல வர்ற யுடிஆர் நம்பர், எந்த யூபிஐ ஐடிக்குப் போச்சு, இதெல்லாம் கையில இருக்கணும். அவங்க பேங்க்குக்கும் சொல்லணும். புகாரை `cybercrime.gov.in`லயும் போடலாம்.

இதுல பார்டர்ல ஒரு குழப்பம் வரும், காசு இழந்தவங்க பொள்ளாச்சி, சேனல் பாலக்காடு, எந்த ஸ்டேஷனுக்குப் போறதுன்னு. காசு இழந்தவங்க அவங்க ஊர் ஸ்டேஷன்லயே குடுக்கலாம். நீங்க உங்க பக்கத்துல, உங்க பேரைப் பயன்படுத்தி மோசடி நடக்குதுன்னு தனியா ஒரு புகார் குடுத்து, அந்த நம்பரை அவங்களுக்கும் அனுப்புங்க. நீங்க எடுத்து வச்ச ஸ்கிரீன்ஷாட்டும் அந்த UC ஐடியும் அவங்க புகாருக்கும் உதவும்.

அதே நாள்ல ஒரு சின்ன வீடியோ போடுங்க, அவங்க பேரைச் சொல்லாம, அவன் என்ன சொல்லி ஏமாத்தினான், எந்த வார்த்தையில கேட்டான், எவ்வளவு கேட்டான்னு அப்படியே ஸ்கிரீன்ல காட்டி. அதே மெசேஜ் இன்னும் நூறு பேர் போன்ல இருக்கும், அதுல யாரோ ஒருத்தர் இன்னும் காசு கட்டாம யோசிச்சுட்டு இருப்பாங்க.